திறன்கள் பகுதியை எப்படி அமைப்பது: அளவுப் பட்டையா, சொற்பட்டியலா, சான்றோடு கூடிய தொகுப்பா?

மொரீசியஸின் போர்ட் லூயிஸில் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். வேலை தேடும் இளைஞர்கள் தங்கள் சிவியை என்னிடம் கொண்டுவந்து காட்டும்போது, ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். படித்த பள்ளியையும் வேலை செய்த இடத்தையும் எழுதுவதில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. "திறன்கள்" என்ற தலைப்பின் கீழ் எதை, எந்த வடிவில் எழுதுவது என்பதுதான் அவர்களுக்கு விளங்குவதில்லை.

சென்ற ஆண்டு காத்ர் போர்னிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கேள்வி இதை நன்றாகக் காட்டியது. அவர் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் இரண்டு ஆண்டுகள் கணக்கு உதவியாளராக இருந்தவர். எபேனில் உள்ள ஓர் அலுவலகத்தில் அதே பதவிக்கு விண்ணப்பிக்கவிருந்தார். "அக்கா, எக்செலுக்கு நாலு நட்சத்திரம் போடட்டுமா, ஐந்து போடட்டுமா? ஐந்து போட்டால் கர்வமாகத் தெரியுமோ?" என்று கேட்டார். நாலு என்றால் எதில் நாலு என்று நான் திருப்பிக் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்க முடியாது என்பதே இந்த ஒப்பீட்டுக்குத் தொடக்கம்.

## எதைக் கொண்டு ஒப்பிடுவது

வடிவங்களை எடைபோடுவதற்கு முன் நான்கு கேள்விகளை முன்வைக்கிறேன். முதலாவது, எழுதியிருப்பதைப் படிப்பவர் சோதித்துப் பார்க்க முடியுமா? இரண்டாவது, விளம்பரத்தில் கேட்ட சொல் தேடுபவரின் கண்ணில் படுமா? மூன்றாவது, கறுப்பு வெள்ளை அச்சிலும் கைப்பேசித் திரையிலும் விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும் மென்பொருளிலும் அது சிதையாமல் நிற்குமா? நான்காவது, நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்டால் உங்களால் இரண்டு நிமிடம் பேச முடியுமா? இவற்றுள் முதல் கேள்வியும் நான்காவது கேள்வியும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. மற்ற இரண்டும் தவறினால் மட்டுமே கேடு செய்பவை.

## முதல் வடிவம்: பட்டைகளும் நட்சத்திரங்களும்

அந்தப் பெண்ணின் சிவியில் இடப்பக்க நிரல் முழுவதும் நீலப் பட்டைகள் இருந்தன. எக்செல் 80, சேஜ் கணக்கு மென்பொருள் 60, பிரெஞ்சு 80, ஆங்கிலம் 85, தமிழ் 60, குழுவாகப் பணியாற்றுதல் 95, கடின உழைப்பு 100. இந்த எண்களைச் சற்று நேரம் பார்த்தால் ஒன்று புலப்படும்: சோதித்துப் பார்க்கக்கூடியவற்றுக்கு அவர் தயங்கித் தயங்கி மதிப்பெண் இட்டிருக்கிறார், யாராலும் சோதிக்க முடியாத ஒன்றுக்கு முழு மதிப்பெண் தந்திருக்கிறார். தேர்வு செய்பவரும் இதைக் கவனிப்பார்.

பட்டையின் அடிப்படைக் குறை, அதற்கு அலகு இல்லை என்பதாகும். எக்செல் 80 என்றால் எக்செலில் உள்ள எல்லாவற்றிலும் எண்பது விழுக்காடா, அலுவலகத்தில் தேவைப்படுவதில் எண்பதா, தோழியோடு ஒப்பிட்டு எண்பதா என்று படிப்பவருக்குத் தெரியாது. கொஞ்சம் கற்றவர் தம்மை 90 என்று மதிப்பதும், பத்து ஆண்டு பழகியவர் தமக்குத் தெரியாதவை எவ்வளவு என்று அறிந்திருப்பதால் 70 என்று மதிப்பதும் வழக்கம். ஆகவே இருவரின் சிவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பட்டை என்னைத் தவறான ஆளிடமே அழைத்துச் செல்லும். இதை அறிந்தவர்கள் பட்டையைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. சேஜ் 60 என்று எழுதியவர், கேட்காமலேயே "நாற்பது எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுகிறார். அந்த நாற்பதில் என்ன இருக்கிறது என்பதைப் படிப்பவரின் கற்பனைக்கு விட்டுவிடுகிறார். அவருடைய பட்டைகள் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்திருந்தன; அதே இடத்தில் அவர் செய்த வேலைகளை ஆறு வரிகளில் எழுதியிருக்கலாம். எங்கள் அலுவலக அச்சுப்பொறியில் எடுத்துப் பார்த்தபோது, வெளிர் நீலமும் அதன் பின்னால் இருந்த வெளிர் சாம்பலும் ஒரே நிறமாகி, எல்லாப் பட்டையும் நிறைந்திருப்பதுபோலத் தோன்றின.

இதை வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சிவியைப் பிடிஎஃப் கோப்பாகத் திறந்து, எல்லாவற்றையும் தெரிவுசெய்து நகலெடுத்து, நோட்பேட் போன்ற வெற்று எழுத்துக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். எழுத்தை மட்டும் உருவி எடுக்கும் மென்பொருளின் கைக்கு ஏறக்குறைய அதுவே போய்ச் சேரும். அந்தப் பெண்ணின் கோப்பில் பட்டைகள் அடியோடு மறைந்தன. இடப்பக்க நிரலும் வலப்பக்க நிரலும் வரிவரியாகக் கலந்து, "சேஜ்" என்ற சொல் அவர் படித்த பள்ளியின் பெயருக்கு நடுவில் போய் நின்றது.

பட்டை எங்கே பொருந்தும்? ஒரே குழுவில் உள்ள அனைவரையும் ஒரே மேலாளர், ஒவ்வொரு படிக்கும் எழுத்தில் வரையறை வைத்துக்கொண்டு மதிப்பிடும் உள் அட்டவணையில் அது பயனுள்ளது. அங்கே மூன்று என்றால் "உதவியின்றித் தனியே செய்வார்" என்று எல்லோருக்கும் ஒரே பொருள். வெளியே அனுப்பும் சிவியில் அந்த வரையறையும் இல்லை, அந்த மேலாளரும் இல்லை.

## இரண்டாம் வடிவம்: சொற்பட்டியல்

பட்டைகளை நீக்கிவிட்டுச் சொற்களை மட்டும் வரிசையாக எழுதுவது அடுத்த வழி: எக்செல், சேஜ், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, வாட், சம்பளப் பட்டியல், கடின உழைப்பாளி, விரைவில் கற்பவர். அச்சிலும் மென்பொருளிலும் இது சிதைவதில்லை. விண்ணப்பப் படிவத்தில் குறிப்பிட்ட எழுத்துகளுக்கு மேல் ஏற்காத பெட்டி இருந்தாலோ, கணக்குத் துறையை அறியாத முகவர் ஒருவர் விளம்பரச் சொற்களோடு ஒத்துப்பார்த்து முதல் வடிகட்டல் செய்வதாகத் தெரிந்தாலோ, இதையே தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் ஒரே பட்டியலில் எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை. நாள்தோறும் செய்த வேலையும், பயிற்சி வகுப்பில் ஒரு பிற்பகல் பார்த்ததும் அடுத்தடுத்து நிற்கும். அதனால் பட்டியல் நீளும்போது வலுவான சொற்களின் மதிப்பும் குறைகிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் நேர்முகத்தில் ஒரு கேள்வியாகத் திரும்பி வரக்கூடியது என்பதை மறந்து, விளம்பரத்திலிருந்து சொற்களை அப்படியே எடுத்து ஒட்டியவர்கள் தடுமாறுவதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன்.

"கடின உழைப்பாளி" போன்ற சொற்களுக்கு ஓர் எளிய உரைகல் உண்டு. அதற்கு எதிரானதை யாராவது தம்மைப் பற்றி எழுதுவார்களா என்று பாருங்கள். "நான் சோம்பேறி" என்று எந்தச் சிவியிலும் எழுதப்போவதில்லை. ஆகவே "கடின உழைப்பாளி" என்ற சொல் ஒருவரையும் மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. விளம்பரத்திலேயே அச்சொல் இருக்கிறதே என்று அந்தப் பெண் கேட்டார். விளம்பரம் கேட்பது குணத்தை. குணத்துக்குச் சான்று நடந்த செயல்தான். ஆகவே அச்சொல்லைத் திறன்கள் பகுதியிலிருந்து எடுத்து, வேலை அனுபவத்தின் கீழ் ஒரு நிகழ்வாக மாற்றுவதே சரி.

"உங்களைக் கடின உழைப்பாளி என்று நினைக்க வைத்த ஒரு வாரத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவர் தயங்காமல் 2024 சனவரியைச் சொன்னார். பெலால் புயலின்போது போர்ட் லூயிஸில் வெள்ளம் புகுந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர் வேலை செய்த கடையின் கீழ்த்தளத்தில் வைத்திருந்த கொள்முதல் பில்கள் நனைந்து படிக்க முடியாமற்போயின. வங்கி அறிக்கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வழங்குநரிடமும் பில் நகல் கேட்டுப் பெற்று, இரண்டு மாதக் கொள்முதல் பதிவுகளை அவர் மீண்டும் உருவாக்கியிருக்கிறார். இது அவருடைய சிவியில் எங்குமே இல்லை. "கடின உழைப்பு 100" என்ற பட்டை மட்டும் இருந்தது. இப்போது அது வேலை அனுபவத்தில் ஒரே வாக்கியம்: "2024 சனவரி வெள்ளத்தில் அழிந்த இரண்டு மாதக் கொள்முதல் பதிவுகளை வங்கி அறிக்கையையும் வழங்குநர் நகல்களையும் கொண்டு மீட்டமைத்தேன்."

## மூன்றாம் வடிவம்: தலைப்புவாரியான தொகுப்பு, ஒவ்வொன்றுக்கும் சான்று

இவ்வடிவத்தில் திறன்களை மூன்று அல்லது நான்கு தலைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு கருவியின் பெயருக்குப் பக்கத்திலும் அதைக் கொண்டு செய்த வேலையையும், கடைசியாக எப்போது செய்தோம் என்பதையும் சேர்க்கிறோம். அளவைச் சொல்ல எண் தேவையில்லை. நடுநிலையான சொற்கள் போதும்: "நாள்தோறும் பயன்படுத்துகிறேன்", "2022 வரை பயன்படுத்தினேன்", "பயிற்சியில் மட்டும் கற்றேன்". இம்மூன்றுக்கும் படிப்பவர் ஒரே பொருள்தான் கொள்ள முடியும்.

அந்தப் பெண்ணின் சிவி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. திருத்திய வரிகளை இங்கே தமிழில் தருகிறேன்.

கணக்கு வேலை: மாத இறுதி வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, இரண்டு கணக்குகள், மாதம் ஏறத்தாழ 400 பதிவுகள். வாட் விவரப் பட்டியல் தயாரித்தல். தாக்கல் செய்தவர் மேற்பார்வையாளர்.

மென்பொருள்: சேஜ், கொள்முதல் மற்றும் விற்பனைப் பேரேடுகள், நாள்தோறும். எக்செல், `SUMIFS`, `VLOOKUP`, பிவட் அட்டவணை கொண்டு வங்கி அறிக்கையைப் பேரேட்டோடு ஒப்பிடுதல், வாரந்தோறும்.

மொழிகள்: கிரியோல், தாய்மொழி. பிரெஞ்சு, பி2, டெல்ஃப் சான்றிதழ். ஆங்கிலம், அலுவலகக் கடிதங்கள் எழுதுதல். தமிழ், எச்எஸ்சி பாடம். வாசிப்பும் எழுத்தும் நன்று, பேச்சு எளிய அளவில்.

வாட் வரியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முதலில் அவர் "வாட் தாக்கல்" என்றே எழுதியிருந்தார். ஆனால் 15 விழுக்காடு வரியைப் பில்வாரியாகத் திரட்டி அட்டவணை போட்டது மட்டுமே அவர். வருவாய்த் துறையின் இணையத்தளத்தில் படிவத்தைச் சமர்ப்பித்தது மேற்பார்வையாளர். "தாக்கல் செய்தேன்" என்று எழுதினால் கடைசித் தேதி, திருத்தப் படிவம், தாமதத் தண்டம் என்று கேள்விகள் வரும். அவரால் பதில் சொல்ல முடியாது. "தயாரித்தேன்" என்று எழுதினால், எந்தப் பில்லின் வரியைத் திரும்பப் பெற முடியாது என்று கேட்பார்கள். அதை அவர் நன்றாக அறிவார். வினைச்சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது உங்களுக்குத் தெரிந்த கேள்விகளையே வரவழைக்கும்.

எக்செல் வரியும் அப்படியே. `VLOOKUP` என்று எழுதியவரிடம் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: ஒரே தொகைக்கு இரண்டு பில்கள் இருந்தால் என்ன ஆகும்? அந்தச் செயற்பாடு முதலில் கிடைத்த பொருத்தத்தையே திருப்பித் தரும். ஆகவே தொகையை மட்டும் வைத்துத் தேடினால் இரண்டாவது பில்லும் பணம் கட்டப்பட்டதாகத் தோன்றும். உண்மையில் பயன்படுத்தியவர், தேதியையும் பில் எண்ணையும் சேர்த்து ஒரு திறவு நிரல் உருவாக்குவேன் என்றோ, `COUNTIFS` கொண்டு எத்தனை முறை வருகிறது என்று முதலில் எண்ணிப் பார்ப்பேன் என்றோ சொல்வார். எண்பது விழுக்காட்டுப் பட்டை இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே இடம் தராது.

மொழிகள் மட்டும் தனி நிலை கொண்டவை. இங்கே அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. ஐரோப்பியப் பொது அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். ஒவ்வொன்றிலும் என்ன செய்ய முடியும் என்பதற்கு விளக்கம் உண்டு. பிரெஞ்சில் டெல்ஃப் தேர்வு ஏ1 முதல் பி2 வரையும், டால்ஃப் தேர்வு சி1, சி2 படிகளையும் அளக்கின்றன. தேர்வு எழுதியிருந்தால் படியையும் சான்றிதழையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் படிக்குப் பதில் அம்மொழியில் செய்த வேலையை எழுதுங்கள். தமிழ் வரியை நான் பிரித்து எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் தீவில் பள்ளியில் தமிழ் படித்தவர்கள் பலர் திருமுறையைத் தடையின்றி வாசிப்பார்கள், பேசுவதில் தயங்குவார்கள். "தமிழ் 60" என்ற பட்டை அந்த வேறுபாட்டை முழுவதும் மறைத்துவிடுகிறது. தமிழ்ப் பாடநூல் பணிக்கும் தமிழில் பேசி வாடிக்கையாளரைக் கையாளும் பணிக்கும் தேவைப்படுவது வேறு வேறு. கிரியோலைத் திறனாகவே எண்ணாமல் விட்டுவிடுவோர் ஏராளம். கடையிலோ தொலைபேசிச் சேவையிலோ வேலை என்றால் அதை எழுதாமல் விடுவது இழப்பு.

இவ்வடிவத்தின் செலவு, உங்கள் நேரம். முதல் முறை எழுத அந்தப் பெண்ணுக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வரிசையை மாற்றவும், அவ்விளம்பரம் பயன்படுத்தும் சொல்லோடு நம் சொல்லை ஒத்துவைக்கவும் அரை மணி நேரமாவது வேண்டும். எண்களைத் தோராயமாக எழுதும்போது "ஏறத்தாழ" என்ற சொல்லை விடக்கூடாது. பழைய முதலாளியின் வாடிக்கையாளர் பெயர்களையும் விற்பனைத் தொகைகளையும் சான்றாக எழுதவும் கூடாது.

வேலை அனுபவமே இல்லாதவர்களுக்கு இவ்வடிவம் பொருந்தாது என்ற எண்ணம் தவறு. தைப்பூசக் காவடிக்கு வந்த காணிக்கையை ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சங்கத்தின் வரவு செலவை எக்செலில் எழுதிய ஒரு மாணவர், அதைச் சான்றாகக் காட்டத் தயங்கினார். ரசீது எண் வரிசையில் விடுபட்டவற்றைக் கண்டுபிடித்தவருக்கு வங்கிக் கணக்குச் சரிபார்ப்பின் அடிப்படை தெரியும். அதை "தன்னார்வப் பணி" என்று வெளிப்படையாகக் குறித்து எழுதலாம்.

## நான்காம் வடிவம்: தனிப் பகுதியே இல்லாமல்

எட்டு, பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் திறன்களை வேலை அனுபவத்துக்குள்ளேயே கரைத்துவிடலாம். தனியே எழுதினால் ஒன்றையே இருமுறை சொல்வதாகும். ஆனால் துறை மாறுபவர்களுக்கு இது ஆகாது: பழைய பதவிப் பெயர்களுக்குள் புதிய வேலைக்கு வேண்டிய திறன் புதைந்துபோகும். அனுபவம் மிக்கவரும் மென்பொருள், மொழி ஆகிய இரண்டையும் இரண்டே வரிகளில் முடிவில் எழுதிவிடுவது நல்லது, ஏனெனில் முகவர்கள் தேடுவது பெரும்பாலும் அவ்விரண்டையே.

## ஒரே பார்வையில்

| வடிவம் | சோதிக்க முடியுமா | சிதையாமல் நிற்குமா | மறைந்த செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| பட்டைகள் | முடியாது | பெரும்பாலும் நிற்காது | தெரியாததை அறிவிக்கிறது, இடத்தை விழுங்குகிறது | வரையறை உள்ள உள் அட்டவணைக்கு மட்டும் |
| சொற்பட்டியல் | நேர்முகத்தில்தான் | நிற்கும் | எல்லாம் ஒரே எடை | சுருக்கமான படிவம், சொல் ஒத்துப்பார்க்கும் முதல் வடிகட்டல் |
| சான்றோடு தொகுப்பு | முடியும் | ஒரே நிரலில் எழுதினால் நிற்கும் | விளம்பரத்துக்கு விளம்பரம் திருத்தும் நேரம் | புதியவர் முதல் ஏழெட்டு ஆண்டு அனுபவம் வரை, துறை மாறுபவர் |
| அனுபவத்துக்குள் கரைத்தல் | முடியும் | நிற்கும் | தேடுபவர் கண்ணில் படாமற்போகலாம் | ஒரே துறையில் நீண்ட அனுபவம் |

ரீயூனியனில் வேலை தேடும் உறவினர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒன்றைச் சொல்லலாம். பிரான்சின் பிக்ஸ் சான்றிதழ் கணினித் திறனைத் தேர்வு வைத்து அளக்கிறது. அதன் மதிப்பெண்ணை எழுதுவது பட்டை வரைவதற்குச் சமமாகாது, ஏனெனில் அதை இட்டவர் விண்ணப்பதாரர் அல்லர். சான்றிதழ் பெற்ற ஆண்டை மட்டும் பக்கத்தில் எழுதத் தவறக்கூடாது.

அந்தப் பெண்ணின் புதிய சிவியை மறுபடியும் நோட்பேடில் ஒட்டிப் பார்த்தோம். ஒரே நிரல் என்பதால் வரிகள் எழுதிய வரிசையிலேயே வந்தன. "வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு" என்ற சொல் விளம்பரத்தில் இருந்த அதே எழுத்தில் மேலிருந்து ஆறாவது வரியில் நின்றது. எபேன் அலுவலகம் அவரை அழைத்து இருபது நிமிடம் பேசியது; அதில் பாதி நேரம், நனைந்த பில்களுக்கு நகல் தர மறுத்த வழங்குநர்களை என்ன செய்தீர்கள் என்பதைப் பற்றியே கேட்டார்களாம்.